விரிப்பில் தேடிய சான்று

செங்கோட்டையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து, கடைசி டோக்கனுக்குப் பிறகு உள்ளே வரும் இளைஞர்களைப் பற்றி எனக்கு ஒரு கணிப்பு உண்டு. வயிற்று வலி என்று தொடங்குவார்கள். கூட்டம் கலைந்துவிட்டதா என்று கதவைத் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகுதான் உண்மை வரும். புளியரை வழியாகப் புனலூருக்குக் காய்கறி வண்டி ஓட்டும் அந்த 27 வயது இளைஞரும் அப்படித்தான் வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) திருமணமாகிப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

முதலிரவில் எதுவும் நடக்கவில்லை. முந்தைய இரண்டு இரவுகள் தூக்கமில்லை, அதிகாலை முகூர்த்தம், வீடு நிறைய உறவினர், கதவுக்கு வெளியே அத்தைமார்களின் பேச்சுக்குரல். அன்று விறைப்பு வராததில் வியப்பில்லை. ஆனால் மறுநாள் அவர் மனைவியைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் உடலையே கவனிக்கத் தொடங்கினார். நான்காம் இரவு ஓரளவு உறவு கூடியது, ஆனால் வெள்ளை விரிப்பில் ரத்தக் கறை இல்லை. காலையில் விரிப்பை எடுக்க வந்த அத்தை அதை உதறிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போயிருக்கிறார்.

"எனக்குத்தான் குறைன்னு நினைச்சேன். அப்புறம் அவளுக்கோன்னு தோணுது டாக்டர். டெஸ்ட் ஏதும் இருக்கா?" என்று கேட்டார்.

அவமானத்தை நெடுநாள் சுமக்க முடியாதவர், அதைப் பக்கத்தில் இருப்பவர் மேல் இறக்கி வைக்கிறார். நான் பார்த்தவரை கணவனின் பயமும் மனைவி மீதான ஐயமும் ஒரே முடிச்சின் இரு நுனிகள்.

காகிதத்தில் படம் வரைந்து விளக்கினேன். கன்னிச்சவ்வு என்று நாம் சொல்வது வாசலை அடைத்து நிற்கும் திரை அன்று. பெண்ணுறுப்பின் வாயோரத்தில் இருக்கும், நெகிழக்கூடிய மெல்லிய மடிப்பு. பெரும்பாலானோருக்கு நடுவில் திறப்பு இருப்பதால்தான் மாதவிடாய் வெளியேறுகிறது. அதன் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடும். முதல் உறவில் பலருக்கு ரத்தமே வராது. வந்தால் அந்த மடிப்பில் ஏற்பட்ட சிறு கிழிசலாக இருக்கலாம், அல்லது ஈரம் சுரப்பதற்குள் அவசரப்பட்டதால் தோல் உரசிப் புண்ணானதாகவும் இருக்கலாம். உறவு கொண்டவரா இல்லையா என்பதை எந்த மருத்துவரும் பரிசோதித்துச் சொல்ல இயலாது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் நடத்தப்பட்டு வந்த இருவிரல் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபர் 31 அன்று கூறியதையும், அதைச் செய்யும் மருத்துவர் நன்னடத்தை மீறிய குற்றத்துக்கு ஆளாவார் என்பதையும் சொன்னேன். அவர் தலை குனிந்தபடி கேட்டார்.

அடுத்து அவருடைய பயம். விடியற்காலையில் விறைப்பு வருகிறதா என்று கேட்டேன். தினமும் வருகிறது என்றார். அப்படியானால் ரத்தக் குழாயும் நரம்பும் சரியாகவே வேலை செய்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். ஆண்குறியின் உள்தசைகள் தளர்ந்தால்தான் ரத்தம் நிறையும். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் அந்தத் தசைகளை இறுக்கிவிடும். "இப்போது வருமா" என்று கவனிப்பதே பயத்தைக் கூட்டும். உறக்கத்தை அதட்டி வரவழைக்க முடியாதது போலத்தான் இதுவும். மாதக்கணக்கில் காலை விறைப்பும் குறைந்து வந்திருந்தால் வேறு காரணம் தேட வேண்டியிருக்கும்; இவருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மட்டும் பார்த்தேன், இரண்டும் சரியாக இருந்தன. பேருந்து நிலையத்தில் யாரோ விற்ற லேகியத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதில் என்ன கலந்திருக்கிறது என்று எனக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரிந்திருக்காது. குப்பையில் போடச் சொன்னேன்.

அவர் சம்மதித்த பிறகே வெளியே பெஞ்சில் இருந்த மனைவியை அழைத்தேன். முதல் முறை உயிர் போகும்படி வலிக்கும் என்று தோழிகள் சொன்னதால், கணவர் நெருங்கும்போதெல்லாம் தொடைகளை இறுக்கிக்கொண்டதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த இறுக்கத்தைத்தான் கணவர் தன்னைப் பிடிக்கவில்லை என்று இத்தனை நாளும் பொருள் கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் உறவுக்குத் தடை விதித்தேன். முதல் வாரம் மார்பையும் பிறப்புறுப்பையும் விட்டுவிட்டு மற்ற இடங்களைத் தொடுவது மட்டும். இரண்டாம் வாரம் எங்கும் தொடலாம், உறவு மட்டும் கூடாது. எது பிடிக்கவில்லை என்றாலும் உடனே சொல்லிவிட வேண்டும். தேறியாக வேண்டிய தேர்வே இல்லை என்று தெரிந்தால் பயத்துக்கு வேலையில்லை. பிறகு உறவு கொள்ளும்போது நீர் சார்ந்த வழுக்கு ஜெல்லைப் பயன்படுத்தச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான் மருந்து; ஆனால் எண்ணெய் பட்டால் ரப்பர் ஆணுறை வலுவிழந்து கிழியக்கூடும், அவர்களோ ஓராண்டு குழந்தை வேண்டாம் என்றிருந்தார்கள். மனைவியின் தசை இறுக்கமும் வலியும் தொடர்ந்தால் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன்.

பத்தாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். "நீங்க சொன்ன தடைய மீறிட்டோம் டாக்டர், தப்பா?" என்றார். இந்தத் தடையைப் பலரும் மீறுவார்கள் என்று சொல்லிவிட்டு, விரிப்பைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"கருநீல விரிப்பு டாக்டர். அவதான் மாத்தினா."