செப்டம்பர் சம்பளமும் தீபாவளி போனஸும்

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு மாதம் 4,500 ரூபாய். ஞாயிறு வேலை கிடையாது. அதுபோக மாதம் இரண்டு நாள் லீவுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை. சேரும்போதே பேசியது இது. போன செப்டம்பரில் உறவில் ஒரு சாவு என்று விழுப்புரம் பக்கம் ஊருக்குப் போனார். 11 வியாழன் முதல் 16 செவ்வாய் வரை வரவில்லை.

அவர் வேலை பார்க்கும் இன்னொரு வீட்டிலும் அதே சம்பளம், அதே பேச்சு. அங்கே 692 ரூபாய் பிடித்துவிட்டார்கள். “ஆறு நாள்ல ரெண்டு போக நாலு நாளுன்னு சொல்றாங்க, சரியா பாப்பா?” என்று கேட்டார்.

சரியில்லை. அவர்கள் ஒரு நாள் கூலியை 4,500-ஐ 26-ஆல் வகுத்து 173 என்று எடுத்திருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் நான்கு ஞாயிறு போனால் வேலை நாள் 26, அதுவரை சரி. ஆனால் வகுக்கும்போது ஒதுக்கிய ஞாயிற்றுக்கிழமையை, வராத நாளை எண்ணும்போது மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். 14-ஆம் தேதி ஞாயிறு. அன்று அவர் ஊரில் இருந்தாலும் வேலைக்கு வந்திருக்க மாட்டாரே!

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மாதம் முழுக்க வராவிட்டால் எவ்வளவு பிடிப்போம் என்று போட்டுப் பார்ப்பது. அவர்கள் கணக்கில் லீவைத் தள்ளாமல் பார்த்தால் 30 நாளுக்கு ஏறக்குறைய 5,190 வரும். சம்பளத்தைவிட அதிகமாகப் பிடித்தம் வருகிற கணக்கில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

நான் வேலை நாளை மட்டும் எண்ணினேன். வராதது ஐந்து, லீவு இரண்டு போக மூன்று. மூன்று 173, 519. சில்லறையை விட்டு 500 பிடித்தேன். ஆகஸ்டில் வாங்கிய அட்வான்ஸுக்கு மாதாமாதம் பிடிக்கும் 500-ம் போகக் கையில் 3,500. அக்டோபரில் வேலை நாள் 27 என்பதால் அந்த மாதம் ஒரு நாளுக்கு 167 தான் வரும். 26 என்பது எல்லா மாதத்துக்கும் பொருந்தாது.

அடுத்தது போனஸ். ஒரு வருடம் முடித்தவருக்கு ஒரு மாதச் சம்பளம் தருவது எங்கள் வழக்கம். இவர் மார்ச் முதல் தேதிதான் சேர்ந்தார். அக்டோபரையும் சேர்த்து எட்டு மாதம். 4,500-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 375, எட்டுக்கு 3,000. தீபாவளி 20-ஆம் தேதியே வந்ததால் அக்டோபரைப் பாதியாக எண்ணலாம் என்றார் என் வீட்டுக்காரர். அந்த 187 ரூபாயில் நமக்கென்ன மிச்சம்?

செப்டம்பரில் பிடித்ததைப் போனஸில் காட்டவில்லை. போனஸ் பேசிய சம்பளத்துக்குத்தான், கையில் வாங்கிய தொகைக்கு அல்ல. மீதி அட்வான்ஸையும் அதில் கழிக்கவில்லை. மாதம் 500 என்று பேசியாகிவிட்டது. புடவை தனி.

“கடைசி நாள்ல குடுக்காதீங்க பாப்பா, பசங்களுக்குத் துணி தைக்கக் குடுக்கணும்” என்றார். பத்து நாள் முன்னதாகவே கொடுத்துவிட்டேன். அந்த இன்னொரு வீட்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிப் போனார். அடுத்த மாதம் 173 ரூபாயைச் சேர்த்துக் கொடுத்தார்களாம்.