பொன்னியின் தண்ணீர்க் கணக்கு

மார்ச் 18, 2024, திங்கள்

என் பூனை பொன்னிக்கு இந்த ஆனியோடு பதின்மூன்று வயது முடிகிறது. ஒரு மாதமாகவே காலையில் அவளுடைய தண்ணீர்க் கிண்ணம் காலியாகக் கிடக்கிறது. பங்குனி வெயில் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சாப்பாட்டிலும் ஆசை கூடியிருந்தது. மீன் அரிய உட்கார்ந்தால் கத்தியைத் தொடுமளவுக்கு நெருங்கி வந்து கத்தினாள், தட்டை நக்கித் தீர்த்த அரைமணி நேரத்தில் மறுபடியும் அடுக்களை வாசலில் நின்றாள். வயதான காலத்தில் இப்படிச் சாப்பிடுகிறாளே என்று மகிழ்ந்தேன். இன்று அவளைத் தூக்கியபோதுதான் முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகக் கையில் தட்டுப்பட்டது. என்னை முதலில் எடை இயந்திரத்தில் நிறுத்தி, பிறகு அவளையும் தூக்கிக்கொண்டு நின்று கழித்துப் பார்த்ததில் 3.2 கிலோ வந்தது. சென்ற ஆண்டு தடுப்பூசி அட்டையில் 4.3 கிலோ என்று எழுதியிருக்கிறது. நான்கில் ஒரு பங்கு உடல் கரைந்திருப்பதை அந்த அடர்ந்த முடி என் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

மார்ச் 21, வியாழன்

மூன்று நாளாகத் தண்ணீரை அளக்கிறேன். காலை ஆறு மணிக்கு அளவுக்குவளையால் 500 மில்லி ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளக்கிறேன். வெயிலில் ஆவியாவதைக் கழிக்க, அவள் எட்ட முடியாத அலமாரியில் அதேபோன்ற இன்னொரு கிண்ணத்தில் 500 மில்லி வைத்திருக்கிறேன். அதில் குறைவதைக் கழித்த பிறகும் அவள் ஒரு நாளைக்குச் சராசரியாக 340 மில்லி குடிக்கிறாள். எடையால் வகுத்தால் கிலோவுக்கு 106 மில்லி. நலமாக உள்ள பூனை கிலோவுக்கு 50 மில்லியைத் தாண்டுவது அரிது என்றும், 100ஐத் தாண்டினால் உள்ளே நோய் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் தொலைபேசியில் மருத்துவர் சொன்னார். வெயில் என்ற என் காரணம் அத்துடன் போயிற்று.

மார்ச் 23, சனி

மருத்துவரிடம் போய் வந்தோம். கூடைக்குள் அடைத்ததிலிருந்து ஆட்டோவில் இறங்கும்வரை பொன்னி அலறிக்கொண்டே வந்தாள். இரத்தம் எடுத்து உடனே பார்த்ததில் சர்க்கரை 246 இருந்தது. வீட்டில் மாமியாருக்கு இருபது ஆண்டு சர்க்கரை நோயைப் பார்த்தவள் நான். அந்த எண்ணைக் கேட்டதும் ஊசியும் இன்சுலினும்தான் மனத்தில் வந்தன. மருத்துவர் அவசரப்படவில்லை. அச்சத்தில் பூனையின் சர்க்கரை சில நிமிடங்களிலேயே இந்த அளவுக்கும் இதற்கு மேலும் ஏறிவிடும் என்றும், அதனால் மருத்துவமனையில் எடுத்த ஒற்றை அளவை வைத்து ஒரு பூனையை நீரிழிவு நோயாளி என்று முடிவு செய்யக் கூடாது என்றும் விளக்கினார்.

பிறகு பொன்னியின் தாடையை மெல்ல உயர்த்தி, மூச்சுக்குழலின் இரு பக்கமும் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் மேலிருந்து கீழாக ஓட்டினார். என் விரலையும் அங்கே வைத்துக் காட்டினார். இடப் பக்கத்தில் மொச்சையை விடச் சிறிதாக ஏதோ ஒன்று வழுக்கி நழுவியது. நலமான பூனையில் தைராய்டு சுரப்பி கைக்குத் தட்டுப்படாது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 230 இருந்தது.

“நீரிழிவும் தைராய்டு மிகையும் வெளியே ஒரே முகத்தைத்தான் காட்டும் அம்மா. வீட்டிலிருந்து சிறுநீர் கொண்டு வாருங்கள், பாதி விடை அதில் இருக்கிறது” என்று அனுப்பி வைத்தார்.

மார்ச் 24, ஞாயிறு

வீட்டுச் சிறுநீர் எதற்கு என்பதை நேற்றிரவு யோசித்துப் பார்த்தபோது நன்றாகப் புரிந்தது. இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 250 முதல் 290 வரையிலான ஒரு வரம்பைத் தாண்டிய பிறகுதான் பூனையின் சிறுநீரகம் அதைத் தடுத்து நிறுத்த முடியாமல் சிறுநீரில் விடுகிறது. சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் நீரிழிவுப் பூனை அவ்வளவு குடிக்கிறது. எனவே, நீரிழிவு முற்றித் தாகம் வந்துவிட்ட பூனையின் சிறுநீரில் சர்க்கரை இருந்தே தீர வேண்டும். வீட்டில் அச்சமின்றிப் பல மணி நேரமாகச் சேர்ந்த சிறுநீரில் சர்க்கரை இல்லையென்றால், அவ்வளவு தாகத்துக்கு நீரிழிவைக் காரணமாகச் சொல்ல முடியாது.

மணல் தட்டைக் கழுவிக் காயவைத்து, மீன் தொட்டியில் போடும் சிறு கற்களை நன்றாக அலசிப் பரப்பினேன். இரண்டு முறை முகர்ந்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போனவள், விடியற்காலை ஐந்து மணிக்கு வேறு வழியின்றி வந்தாள். தட்டைச் சாய்த்து ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, மருந்துக் கடையில் வாங்கிய சோதனைப் பட்டையை நனைத்து, குறித்த நொடிகள்வரை காத்திருந்தேன். சர்க்கரைக்கான கட்டம் நிறம் மாறவில்லை. மிச்சத்தைச் சிறு குப்பியில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மார்ச் 26, செவ்வாய்

இன்று ஒரு பெரும் தவறிலிருந்து தப்பினேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த, டி-4 என்ற தைராய்டு ஹார்மோனை அளக்கும் சோதனையை, அருகில் இருந்த, மனிதர்களுக்கான ஆய்வகத்தில் கொடுத்திருந்தேன். அறிக்கையில் 9.8 என்றும், அதன் அருகிலேயே இயல்பான அளவு 5 முதல் 12 வரை என்றும் அச்சிட்டிருந்தது. தைராய்டும் இல்லை என்று நிம்மதியோடு மருத்துவருக்கு அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் உடனே அழைத்தார். பக்கத்தில் அச்சிட்டிருப்பது மனிதருக்கான எல்லை. பூனைக்கு அந்த அளவு ஏறத்தாழ 1இல் தொடங்கி 4 அல்லது 5க்குள் முடிந்துவிடும். பொன்னிக்கு இருப்பது இரு மடங்கு. மூத்த பூனையை வளர்ப்பவர்கள் இதைப் படித்தால் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆய்வக அறிக்கையில் தடித்த எழுத்து இல்லை என்பதற்காக அதை மடித்து வைத்துவிடாதீர்கள்.

பூனைக்குரிய எல்லையின் மேற்பாதியில் அளவு நின்றாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது என்றும் அவர் சொன்னார். உடன் வேறொரு நோய் இருந்தால் அது டி-4ஐக் கீழே இழுத்துவிடும். அறிகுறிகள் பொருந்தி வரும்போது சில வாரங்கள் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். பொன்னிக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

மார்ச் 28, வியாழன்

நேரில் போய் முழுவதும் கேட்டு வந்தேன். சுரப்பியில் வந்திருப்பது பெரும்பாலும் புற்றுநோயல்லாத கட்டி. நூறில் இரண்டு மூன்று பூனைகளுக்கே அது புற்றாக இருக்கும். கட்டி ஓயாமல் சுரப்பதால் உடலின் அடுப்பு அணையாமல் எரிகிறது, தின்பது போதாமல் தசையும் விறகாகிறது. நீரிழிவிலும் பசியும் மெலிவும் உண்டு, ஆனால் வழி வேறு: அங்கே சர்க்கரை இரத்தத்தில் நிறைந்திருந்தும் இன்சுலின் போதாமல் உயிரணுக்களுக்குள் போகாததால், நிறைந்த தட்டின் முன்னே உடல் பட்டினி கிடக்கிறது. அந்த நோய் சரியான இன்சுலினும் மாவுச்சத்துக் குறைந்த உணவும் தொடக்கத்திலேயே கிடைத்தால் சில பூனைகளில் அடங்கிப்போவதும் உண்டாம். பசித்துத் தின்றுகொண்டிருந்த நீரிழிவுப் பூனை திடீரென்று உணவை வெறுத்து வாந்தி எடுத்தால் மட்டும் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்றார்.

சந்தேகம் தீர ஃப்ரக்டோசமின் சோதனை செய்யலாமா என்று கேட்டேன். சில வாரங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை அது. ஆனால், தைராய்டு மிகுந்த பூனையில் புரதங்கள் விரைவாகச் சிதைவதால் அது குறைவாகவே காட்டும் என்றும், வீட்டுச் சிறுநீரே போதுமான சான்று என்றும் பதில் வந்தது.

கார்பிமசோல் 5 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, காலையும் இரவும். கர்ப்பமாக இருப்பவர்கள் உடைத்த மாத்திரையைத் தொடக் கூடாது என்பதால், ஐந்து மாதக் கர்ப்பத்தோடு வந்திருக்கும் மகளை அந்தப் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மணல் தட்டையும் நானே பார்க்கிறேன்.

ஏப்ரல் 3, புதன்

இரண்டு நாளாக வாந்தி. கேட்டுவிட்டு அளவைக் கால் மாத்திரையாகக் குறைத்திருக்கிறேன், வெறும் வயிற்றில் கொடுப்பதில்லை. முகத்தைக் கால்களால் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொண்டால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே அழைக்கச் சொல்லியிருக்கிறார். இதுவரை அப்படி இல்லை.

ஏப்ரல் 8, திங்கள்

வாந்தி நின்றது. மறுபடியும் அரை மாத்திரை.

ஏப்ரல் 20, சனி

மருந்து தொடங்கி மூன்று வாரம் கழித்துச் சோதனை. டி-4 2.6க்கு இறங்கியிருக்கிறது. எடை 3.5 கிலோ. இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் நின்று அழுவதும் நின்றுவிட்டது. அது வயதின் குணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் மட்டும் இரத்தத்தில் 1.2இலிருந்து 1.9க்கு ஏறியிருக்கிறது. மருந்துதான் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டதோ என்று வழியெல்லாம் மனம் கலங்கியபடி போனேன். மருத்துவர் இதை முன்பே எதிர்பார்த்திருந்தார். தைராய்டு மிகும்போது இதயம் இரத்தத்தை வேகமாகத் தள்ளுவதால், பழுதான சிறுநீரகம்கூட அளவுக்கு மீறி வடிகட்டிக்கொண்டிருக்கும். போதாததற்கு, கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது, மெலிந்த பூனையிடம் தசையே இல்லை. இரண்டும் சேர்ந்து முதல் அறிக்கையில் ஒரு பொய்யான நல்ல எண்ணைக் காட்டியிருந்தன. சிறுநீரக நோய் ஏற்கெனவே இருந்தது, மருந்து அதன் மீதிருந்த திரையை விலக்கியிருக்கிறது. தைராய்டை மறுபடியும் ஏறவிடுவது தீர்வாகாது, ஏனென்றால் அந்த மிகை வேலை சிறுநீரகத்தை மேலும் தேய்க்கும். டி-4ஐ எல்லைக்குக் கீழே விழவிடுவதும் சிறுநீரகத்துக்குக் கேடு. எனவே அளவு அப்படியே தொடர்கிறது.

மருந்துக்குப் பதிலாக நிரந்தரமான வழி எதுவும் இல்லையா என்று அவரிடம் கேட்டேன். அறுவையும் கதிரியக்க அயோடினும் உண்டு, ஆனால் அவற்றைத் திரும்பப் பெற முடியாது. சிறுநீரகம் இப்படி இருக்கையில், வேண்டும்போது கூட்டவும் குறைக்கவும் முடிகிற மாத்திரையே பொன்னிக்கு நல்லது என்பது அவர் கருத்து. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

மே 11, சனி

எடை 3.7 கிலோ. கிரியேட்டினின் 1.9லேயே நிற்கிறது. மாத்திரையை வேகவைத்த கோழித் துண்டுக்குள் ஒளித்துக் கொடுத்தால் விழுங்கிவிடுகிறாள், மீனுக்குள் வைத்தால் மாத்திரையை மட்டும் துப்புகிறாள். முதுகெலும்பின் முடிச்சுகள் மேல் சதை மெல்ல மூடி வருகிறது.

தண்ணீரை மறுபடியும் மூன்று நாள் அளந்தேன். நாளுக்கு 220 மில்லி, அதாவது கிலோவுக்கு 59. அது 50க்குக் கீழே போகாது என்று இப்போது தெரியும். மிச்சத் தாகம் சிறுநீரகத்தினுடையது. அதனால் கூடத்திலும் மாடிப்படியருகிலும் இன்னும் இரண்டு கிண்ணங்கள் வைத்திருக்கிறேன். அடுத்த இரத்தச் சோதனை ஜூன் மாதம்.