திருவொற்றியூரை விட்டுவிட்ட 46 லட்சம்

"426 சதுர கிலோமீட்டர் சென்னையில் 46 லட்சம் பேர் வாழ்கிறார்கள்."

திருவொற்றியூர் தேரடி டீக்கடையில் தம்பி ஒருவர் காட்டிய கட்டுரையின் முதல் வரி. நாளை அச்சுக்குப் போகிறது.

"ரெண்டு நம்பரும் சரிண்ணா, செக் பண்ணிட்டேன்" என்றார்.

தனித்தனியே சரிதான். அதுதான் வம்பு.

அவர் கொடுத்த லிங்க் ஒரு செய்திக்குப் போனது. அந்தச் செய்தி இன்னொரு செய்தியைக் காட்டியது. அதற்கு மூலமே இல்லை. சரி என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்ட அட்டவணையைத் திறந்தோம். சென்னை 46,46,732 பேர், அடர்த்தி 26,553. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் பரப்பளவு 175 சதுர கிலோமீட்டர்தான் வருகிறது. 426ஆல் வகுத்திருந்தால் அடர்த்தி பதினோராயிரத்தைத் தொட்டிருக்காது.

கணக்கெடுப்பு முடிந்தது மார்ச்சில். திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் மாநகராட்சியில் சேர்ந்தது அதே வருஷம் அக்டோபரில்.

திருவள்ளூர் மாவட்டப் பக்கத்தைப் புரட்டினால் அங்கே தனி நகராட்சியாக இருக்கிறது திருவொற்றியூர். சுமார் இரண்டரை லட்சம் பேர்! நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்த தெருவே அந்த 46 லட்சத்தில் இல்லை.

தம்பி சிரித்துவிட்டு வரியை மாற்றினார்: "2011 கணக்கெடுப்பின்படி, விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னையில் 46 லட்சம் பேர் வாழ்ந்தார்கள்."

'வாழ்கிறார்கள்' போய் 'வாழ்ந்தார்கள்' வந்ததில் எனக்கு டபுள் சந்தோஷம். அப்புறம் இரண்டாவது பத்திக்குப் போனோம். அங்கே "சமீபத்திய ஆய்வு" என்று ஒன்று, வருஷமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது.