ஒரு விகிதத்தை மட்டும் காட்டிக் கடன் கேட்கப் போனேன்

புதிய இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு விண்ணப்பித்தபோது, கடன்–பங்குமூலதன விகிதத்தை நம்பித்தான் போனேன். எண்களைச் சுருக்கியே தருகிறேன். எங்கள் நிறுவனத்தின் சொந்த மூலதனம் 200, கடன் 120; விகிதம் 0.6. கேட்ட கடன் 60. அதைச் சேர்த்தாலும் 0.9 தானே என்பது என் கணக்கு.

கடன் அதிகாரி முதலில் அந்த 200-ஐப் பிரித்துப் பார்த்தார். அதில் 80, நிலத்தின் மதிப்பைக் கணக்கில் உயர்த்தி எழுதியதால் வந்த மறுமதிப்பீட்டுக் காப்பு. யாரும் கொண்டுவந்து போட்ட பணமும் அல்ல, ஈட்டிய இலாபமும் அல்ல என்று அதைக் கழித்துவிட்டார். மிச்சம் 120. புதிய கடனோடு சேர்த்து 180-ஐ அதனால் வகுத்தால் 1.5.

பிறகு வட்டிக்காப்பு விகிதத்துக்கு வந்தார். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய இலாபத்தை, கட்டவேண்டிய வட்டியால் வகுப்பது அது. எங்கள் இலாபம் 30, வட்டி 12, ஆக 2.5 என்று எழுதியிருந்தேன். "இந்த 30-இல் பழைய இயந்திரத்தை விற்ற இலாபம் 6 இருக்கிறதே, அடுத்த ஆண்டும் அது வருமா?" என்று கேட்டார். வராது. 10 சதவீதத்தில் புதிய கடனுக்கும் சேர்த்து வட்டி 18 ஆகும். 24-ஐ 18-ஆல் வகுத்தால் 1.33. புதிய இயந்திரம் தரப்போகும் இலாபத்தை முதல் ஆண்டில் அவர் சேர்க்கவே இல்லை. அப்போது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அது ஓடத் தொடங்கும் முன்பே வட்டி ஓடத் தொடங்கிவிடும். அவர் செய்ததே சரி.

இரண்டையும் அவர் சேர்த்துப் படித்த விதம்தான் எனக்குப் புதிது. "இலாபம் கால்பங்கு குறைந்தால் 18 ஆகும், அது அப்படியே வட்டிக்குப் போய்விடும். அதற்கு மேலும் சரிந்தால் நட்டத்தைச் சொந்த மூலதனம் தாங்க வேண்டும். அதுவோ கடனைவிடச் சிறியது" என்றார். மூலதனம் தடிமனாக இருந்திருந்தால் மெலிந்த வட்டிக்காப்பைச் சற்றுப் பொறுத்திருப்பாராம். வட்டிக்காப்பு 4, 5 என்று இருந்திருந்தால் 1.5 அவரை உறுத்தியிருக்காதாம். எங்களிடம் இரண்டுமே மெலிந்திருந்தன.

வீட்டுக்கு வந்து கூட்டாளியோடு உட்கார்ந்தேன். பழைய கடன் 120-இல் 30, நாங்களே நிறுவனத்துக்கு வட்டிக்குக் கொடுத்தது. அதைப் பங்கு மூலதனமாக மாற்றினோம். இயந்திரத்தையும் சிறியதாகத் தேர்ந்து, கேட்ட கடனை 30 ஆகக் குறைத்தோம். கடன் மறுபடி 120-இல் நின்றது, மூலதனம் 150 ஆனது, விகிதம் 0.8. வட்டி 12, வட்டிக்காப்பு 2. இலாபம் கால்பங்கு குறைந்தாலும் 1.5 இருக்கும். மூலதனமாக்கிய அந்த 30, ஒரே நேரத்தில் இரு விகிதங்களையும் நகர்த்தியது.

ஒப்புதல் கிடைத்தது. வட்டிக்காப்பு 1.5-க்குக் கீழே போகக் கூடாது, போட்ட மூலதனத்தைத் திரும்ப எடுக்கக் கூடாது என்ற இரு நிபந்தனைகளோடு. இப்போது ஒவ்வொரு காலாண்டும் இரண்டு விகிதங்களையும் ஒரே தாளில் எழுதி அனுப்புகிறேன்.