செல் சீக்கிரம் தீர்ந்தால் கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும்

கைக்கடிகாரத்தின் செல் நான்கு மாதத்துக்கு ஒரு முறை தீர்ந்தால், குறை செல்லில் மட்டும் இருக்கிறதா, மெஷினிலும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மும்பையில் என்னோடு இருக்கும் அம்மாவின் சிறிய கடிகாரத்தில் இரண்டிலும் குறை இருந்தது. ஒன்றை வீட்டிலேயே சரிசெய்தேன். மற்றதற்குக் கைதேர்ந்தவர் தேவைப்பட்டார்.

ரயில் நிலையத்துக்கு வெளியே, நடைபாதைத் தட்டில் வைத்துச் செல் மாற்றித் தருபவர்களிடம்தான் அம்மா கொடுத்து வந்தார். இந்த முறை நானே திறந்தேன். அது ஜனவரி மாதம், காற்று உலர்ந்திருந்தது. மழைக்காலத்தில் மும்பையில் கடிகாரத்தைத் திறந்து மூடினால் ஈரக்காற்றும் உள்ளே அடைபட்டுவிடும். பிறகு குளிரூட்டிய அறைக்குள் போனதும் கண்ணாடியின் உட்புறம் பனி படியும்.

அம்மாவுடையது அழுத்தி மூடும் பின்மூடி. விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு சிறு பள்ளம் இருக்கும். மூடியைத் திறக்கும் கத்தியின் முனையை அங்கே வைத்து, உள்ளே குத்தாமல், மெல்லத் திருப்ப வேண்டும். கத்தி வழுக்கினால் கடிகாரத்தின் உடம்பில் கீறல் விழாமலிருக்க, பள்ளத்தைச் சுற்றிக் காகித டேப் ஒட்டிக்கொண்டேன். மூடி எழும்பியதும் உள்ளே இருப்பதைக் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். செல் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, பிடிப்பு எந்த இடுக்கில் நின்றது என்ற சந்தேகம் பிறகு வராது.

பழைய செல்லில் AG4 என்று பொறித்திருந்தது. பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிட்டது. AG4, LR626 ஆகியவை மலிவான ஆல்கலைன் செல்கள். கடிகாரத்துக்கு உரியது SR626SW என்னும் சில்வர் ஆக்சைடு செல். 377 என்றும் அதற்குப் பெயர். இரண்டும் 6.8 மில்லிமீட்டர் விட்டம், 2.6 மில்லிமீட்டர் தடிமன் என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது கச்சிதமாக உட்கார்ந்துவிடும். சில்வர் ஆக்சைடு, தீரும்வரை ஏறக்குறைய 1.55 வோல்ட்டில் நிற்கும். ஆல்கலைனின் மின்னழுத்தம் நாளாக நாளாக இறங்கிக்கொண்டே போகும். கசியும் வாய்ப்பும் அதில் அதிகம். அட்டையில் 377 என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், ஆல்கலைன் அட்டைகளிலும் அந்த எண்ணை அச்சிடுகிறார்கள். செல்லின் மேலேயே SR என்ற எழுத்து இருக்க வேண்டும்.

செல்லை எடுக்கும்போது கவனம் வைக்க வேண்டிய இடம், பக்கத்தில் இருக்கும் செம்புச் சுருள். தலைமுடியைவிட மெல்லிய கம்பி அது. திருப்புளி முனை ஒரு முறை உரசினாலே அறுந்துபோகும், மெஷினும் அத்துடன் நின்றுவிடும். இரும்புச் சாமணம் செல்லின் இரு முனைகளையும் இணைத்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் சாமணம் வைத்துக்கொண்டேன். பழைய செல் இருந்த இடத்தில் பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கவில்லை. அப்படி ஏதாவது தெரிந்திருந்தால் அங்கேயே நிறுத்தி, மூடியை மேலே வைத்துக் கடைக்குக் கொண்டுபோயிருப்பேன். கசிந்த உப்பைச் சுரண்டுவது வீட்டு வேலை அல்ல. வீட்டில் சிறு குழந்தை இருந்தால், கழற்றிய செல்லை உடனே டேப்பில் சுற்றி எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

புதுச் செல்லை மல்டிமீட்டரில் பார்த்தேன், 1.55 வோல்ட் காட்டியது. உள்ளே வைத்ததும் நொடி முள் நகர்ந்தது. ரப்பர் வளையம் தன் காடியில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். மூடியின் விளிம்பில் இருக்கும் வெட்டை, நேரம் வைக்கும் திருகின் தண்டுக்கு நேராக வைத்துக் கட்டைவிரல்களால் அழுத்தினேன். டக்கென்று பிடித்துக்கொண்டது. பிடிக்காத மூடியும் உண்டு. அப்போது கடிகாரத்தை மேசையில் குப்புற வைத்து உள்ளங்கையால் அமுக்கினால் விசை முழுவதும் கண்ணாடியில் இறங்கி அதில் விரிசல் விழுந்துவிடும். கடைகளில் இருக்கும் அழுத்தும் கருவியின் நைலான் அச்சு, கண்ணாடியைத் தொடாமல் விளிம்பைத் தாங்கும்.

இவ்வளவு சரியாகச் செய்தும் கடிகாரம் செப்டம்பரில் நின்றது. முன்பைவிட இரண்டு மடங்கு ஓடியது உண்மைதான், ஆனால் போதாது. இந்தச் செல்லின் கொள்ளளவு சுமார் 28 மில்லி ஆம்பியர் மணி, அதாவது 28,000 மைக்ரோ ஆம்பியர் மணி. நல்ல மூன்று முள் குவார்ட்ஸ் மெஷின் ஏறக்குறைய 1 மைக்ரோ ஆம்பியர் எடுக்கும். 28,000 மணி நேரம் என்றால் மூன்று ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். எட்டு மாதத்தில் தீர்ந்தது என்றால், மெஷின் நான்கைந்து மடங்கு குடிக்கிறது என்று பொருள். வேறு செல் வாங்கிப் பயனில்லை.

மாட்டுங்காவில் ஒரு மாடிப்படியின் கீழ் மேசை போட்டிருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் போனேன். வயதில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. நான் கணக்கைச் சொன்னதும், கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டே, "அளந்து பார்த்துவிடுவோம் தம்பி" என்றார். செல்லை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் அளவுக் கருவியிலிருந்தே மின்சாரம் கொடுத்தார். 4 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் காட்டியது. அடுத்து அவர் செய்ததுதான் எனக்குத் தெரியாதிருந்த வித்தை. திருகை வெளியே இழுத்து முட்களை நிறுத்திவிட்டு மறுபடி அளந்தார். எண் விழுந்து வழக்கமான அளவுக்கு வந்தது.

"மின்சுற்று நன்றாக இருக்கிறது. சக்கரங்கள்தான் இறுகிக் கிடக்கின்றன" என்றார். மோட்டாருக்கு நொடிக்கு ஒரு முறை ஒரு சிறு மின்துடிப்பு போகிறது. எண்ணெய் காய்ந்து, அந்தத் துடிப்புக்குச் சக்கரம் திரும்பவில்லை என்றால், இதுபோன்ற மெஷின்கள் உடனே இன்னொரு பலத்த துடிப்பைக் கொடுக்கும். முள் ஒழுங்காகவே ஓடும், நேரமும் பிசகாது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, செல் மட்டும் காலியாகிக்கொண்டே வரும்.

பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் வைக்கலாம், அல்லது அதே வகைப் புது மெஷின் போடலாம், இந்த மாதிரிக்குப் புதுசுதான் மலிவு என்றார். அம்மாவுக்கு முக்கியம் டயலும் முட்களும். அவை இரண்டும் அப்படியே இருக்கும் என்று உறுதி சொன்ன பிறகு சம்மதித்தேன். முட்களைக் கழற்றி மாட்டும் வேலையைப் பார்த்தபோது, அதை நான் தொடாததே சரி என்று தோன்றியது. சில நூறு ரூபாய் ஆனது. கிளம்பும் முன் மறுபடி அளந்து காட்டச் சொன்னேன், ஒரு மைக்ரோ ஆம்பியரை ஒட்டியே நின்றது. ரப்பர் வளையத்தையும் மாற்றினார்.

எல்லாக் கடிகாரத்தையும் நான் இப்படித் திறக்க மாட்டேன். நீச்சலுக்கு அணியும் கடிகாரத்துக்கு மூடிய பிறகு அழுத்தச் சோதனை தேவை. சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் வகையில் சாதாரண செல்லைப் போடவே கூடாது. இவை இரண்டும் நேரே கடைக்குத்தான்.

செல் மாற்றிய தேதியையும் அண்ணாச்சி அளந்த எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி அம்மாவின் கடிகாரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுக்குள் நின்றால், செல் வாங்கப் போகாமல் கடிகாரத்தை அப்படியே மாட்டுங்காவுக்கு எடுத்துப்போவேன்.