எக்ஸ்ரேயில் வெள்ளையைப் பார்க்காதீர்கள், அதன் விளிம்பைப் பாருங்கள்

இறுதியாண்டு பொது மருத்துவச் செய்முறைத் தேர்வில் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று எப்படியும் வந்துவிடும். விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டிவிட்டு, "சொல்லுப்பா, என்ன தெரியுது?" என்பார் தேர்வாளர். பலரும் உடனே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். அவர் கேட்பது நோயின் பெயரை அல்ல, கண்ணில் என்ன படுகிறது என்பதைத்தான். நான் படித்தபோது எனக்கு உதவியது ஒரே ஒரு வழிதான். காற்று, நீர், எலும்பு மூன்றும் படத்தில் எப்படி விழுகின்றன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டேன். மற்றதெல்லாம் அதிலிருந்தே வந்தது.

கதிர் தடையில்லாமல் கடந்து போகும் இடம் கறுப்பாக விழும். அதனால்தான் காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பு. எலும்பில் உள்ள கால்சியம் கதிரை நிறைய உறிஞ்சிக்கொள்வதால் விலாவும் காறை எலும்பும் வெள்ளை. நீர் இரண்டுக்கும் நடுவே, சாம்பல் கலந்த வெள்ளை. கொழுப்பு நீரைவிடச் சற்றுக் கறுப்பு, பேஸ்மேக்கர் போன்ற உலோகம் எலும்பைவிட வெள்ளை.

இங்கே கவனிக்க வேண்டியது, நீர் என்றால் வெறும் நீர் மட்டும் இல்லை. இரத்தம், சீழ், இதயத் தசை, கல்லீரல் எல்லாம் எக்ஸ்ரேக்கு ஏறக்குறைய ஒரே நிறம்தான். ஆகவே நெஞ்சில் ஒரு வெள்ளையைப் பார்த்து அது சீழா இரத்தமா என்று நிறத்தை வைத்துச் சொல்லவே முடியாது. இதயத்தின் ஓரம் நமக்குத் தெரிவதற்கும் காரணம் அதன் நிறம் இல்லை, பக்கத்தில் நுரையீரலின் காற்று இருப்பதுதான். அந்தக் காற்று இருந்த இடத்தில் நீரோ சளியோ வந்துவிட்டால் ஓரம் அழிந்துபோகும். வலது இதய ஓரம் மறைந்தால் வலது நடு மடலையும், உதரவிதானத்தின் கோடு மறைந்தால் கீழ் மடலையும் சந்தேகிப்பது இதனால்தான்.

சரி, ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். நாற்பது வயதைத் தாண்டிய ஆண், சில வாரங்களாக மாலை நேரக் காய்ச்சல், எடை குறைவு, வலப்பக்கம் நெஞ்சு வலி, இப்போது மூச்சு வாங்குகிறது. படத்தின் வலது கீழ்ப்பகுதி முழுக்க வெள்ளை.

வெள்ளையிடம் போவதற்கு முன் எலும்பிடம் போங்கள். படம் ஒழுங்காக எடுக்கப்பட்டதா என்று சொல்வது எலும்புதான். இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் நடுவிலுள்ள முள்ளெலும்பு நீட்சியிலிருந்து சம தூரத்தில் இருந்தால் நோயாளி திரும்பி நிற்கவில்லை. திரும்பி நின்றிருந்தால் மூச்சுக்குழல் ஒரு பக்கம் தள்ளப்பட்டதுபோல் பொய்யாகத் தெரியும். அடுத்து விலாக்களை எண்ணுங்கள். முன்பக்க விலாக்கள் சரிவாக இறங்கும், பின்பக்க விலாக்கள் கிட்டத்தட்டக் கிடையாக ஓடும். உதரவிதானத்துக்கு மேலே முன்பக்கம் 6 அல்லது பின்பக்கம் 9, 10 தெரிந்தால் மூச்சை நன்றாக இழுத்திருக்கிறார். இழுக்காத படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி தானாகவே வெளுப்பாகத் தெரியும், இதயமும் பெரிதாகத் தெரியும்.

நம் படத்தில் இவை சரியாக உள்ளன. இப்போது வெள்ளையின் மேல் விளிம்பைப் பாருங்கள். அது நேர்கோடாக இல்லை. நெஞ்சுச் சுவர் பக்கம் உயர்ந்து, உள்ளே வர வரத் தாழ்ந்து, குழிவாக வளைந்திருக்கிறது. விலா உதரவிதானக் கோணமும் காணோம். இது நுரையீரல் உறைக்குள் தேங்கிய நீர், அதாவது ப்ளூரல் எஃப்யூஷன்.

ஏன் வளைகிறது? நீர் நுரையீரலைச் சுற்றிலும் நிற்கிறது. நடுவில் கதிர் முன்னும் பின்னும் உள்ள மெல்லிய நீர்ப்படலத்தை மட்டும் கடக்கிறது. ஓரத்தில் நீளவாக்கில் அதிக நீரைக் கடக்க வேண்டியிருப்பதால் அங்கே வெள்ளை உயரமாகத் தெரிகிறது. இதைக் காரணத்தோடு சொன்னால் தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

நிற்கவைத்து எடுத்த முன்படத்தில் அந்தக் கோணம் மழுங்க ஏறத்தாழ 200 மில்லி நீர் வேண்டும். அதற்கும் குறைவான நீர் பக்கவாட்டுப் படத்தில் பின்பக்கக் கோணத்தில் முன்னதாகவே தெரிந்துவிடும். படுக்கவைத்து எடுத்த படத்தில் இந்த வளைவைத் தேடாதீர்கள். நீர் முதுகுப்பக்கம் பரவிவிடுவதால் அந்தப் பக்கம் முழுவதும் மெல்லிய திரை விழுந்ததுபோல் மங்கலாக இருக்கும், நுரையீரல் இரத்தக் குழாய்கள் அதனூடே தெரியும். தீவிர சிகிச்சைப் பிரிவின் படங்களில் நீர் தவறிப்போவது பெரும்பாலும் இப்படித்தான்.

இதே படத்தில் மேல் விளிம்பு அடிமட்டம் வைத்து வரைந்ததுபோல் நேராகக் கிடந்தால் பதில் மாறிவிடும். நீருக்கு மேலே, உறைக்குள் காற்றும் இருக்கிறது என்று அர்த்தம். ஹைட்ரோநிமோதோராக்ஸ். நேர்கோட்டைப் பார்த்ததும் அதற்கு மேலே சுருங்கிய நுரையீரலின் ஓரத்தைத் தேடுங்கள். மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று இருக்கும், அதற்கு வெளியே இரத்தக் குழாய்களே இல்லாமல் வெறும் கறுப்பு. நீர் இல்லாமல் காற்று மட்டும் இருந்தாலும் அதே கோடுதான் சாட்சி, அது நிமோதோராக்ஸ். தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பும் தோல் மடிப்பும் இந்தக் கோடு மாதிரியே ஏமாற்றும். கோட்டைத் தாண்டியும் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடினால் அது நுரையீரலின் ஓரம் இல்லை.

ஒரு பக்கம் மேலிருந்து கீழ்வரை முழு வெள்ளையாக இருந்தால் விளிம்பே கிடைக்காது. அப்போது மூச்சுக்குழலைப் பாருங்கள். அது எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டிருந்தால் நிறைய நீர். வெள்ளைப் பக்கமே இழுக்கப்பட்டிருந்தால் நுரையீரல் சுருங்கியிருக்கிறது, அல்லது முன்பு அறுவை செய்து எடுத்திருக்கிறார்கள். எடுத்திருந்தால் சில சமயம் ஒரு விலாவும் குறைந்திருக்கும், எண்ணிப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி மூன்றாவது: முழு வெள்ளை, ஆனால் மூச்சுக்குழல் நடுவிலேயே நிற்கிறது. நீர் தள்ளுகிறது, உள்ளே அடைபட்டுச் சுருங்கிய நுரையீரல் இழுக்கிறது, இரண்டும் சமமாகிவிட்டன. வயதானவர், புகைப்பவர் என்றால் மூச்சுக்கிளையை அடைத்த புற்றுக்கட்டியை நினைக்க வேண்டிய இடம் இது.

இடது கீழ்ப்பக்கம் உதரவிதானத்துக்குக் கீழே வட்டமாக ஒரு காற்று தெரிந்தால் பதறாதீர்கள், அது இரைப்பைக் காற்று. வலது உதரவிதானத்துக்குக் கீழே பிறை போல் காற்று இருந்தால்தான் குடல் ஓட்டை விழுந்திருக்கலாம் என்ற அவசரம்.

நம் நோயாளிக்குத் திரும்புவோம். எஃப்யூஷன் என்று சொன்னதும் அடுத்த கேள்வி, "அப்புறம் என்ன செய்வாய்?" காசநோய் என்று எக்ஸ்ரேயை வைத்துச் சொல்லிவிடாதீர்கள். சந்தேகம் அதுதான், ஆனால் நீரை எடுத்துப் பார்க்காமல் முடிவு கிடையாது. முதலில் அல்ட்ராசவுண்டில் நீரின் அளவையும் அது அறைகளாகப் பிரிந்திருக்கிறதா என்பதையும் பார்த்து இடத்தைக் குறிப்பார்கள். ஊசியை விலாவின் மேல் விளிம்பை ஒட்டிச் செலுத்துவார்கள். இரத்தக் குழாய்களும் நரம்பும் ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பை ஒட்டி ஓடுகின்றன. இந்தக் காரணத்தையும் கேட்காமல் விடமாட்டார்கள்.