ஒரு பனியனில் ஏறும் வாடகை

இன்று எங்கள் திருப்பூர் பனியன் ஆலையின் புதிய பயிற்சியாளர்களுக்குச் செலவுக் கணக்கு வகுப்பு எடுத்தேன். கட்டட வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம், இயந்திரத் தேய்மானம் எல்லாம் சேர்ந்து மாதம் 6 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். 20,000 பனியன் தைத்தால் ஒன்றுக்கு 30 ரூபாய். ஆர்டர் குறைந்து 12,000 தைத்தால் 50 ரூபாய். பாதி இயந்திரங்கள் உறை போர்த்திக் கிடந்தாலும் வாடகை குறையாதே!

"அப்படியானால் விலையை 20 ரூபாய் ஏற்றலாமா, சார்?" என்று கேட்டாள் ஒரு பெண். எல்லோரும் விழும் குழி இதுதான். விலையை ஏற்றினால் இருக்கிற ஆர்டரும் போகும். 10,000 பனியனுக்கு இறங்கினால் ஒன்றுக்கு 60 ரூபாய் ஆகிவிடும். வழக்கமான உற்பத்தி 20,000 என்பதால் ஒரு பனியனின் செலவில் 30 ரூபாய்தான் சேர்க்க வேண்டும். 12,000 தைத்த மாதத்தில் அப்படி 3,60,000 ரூபாய்தான் சேரும்; மீதி 2,40,000 ரூபாய் சும்மா கிடந்த இயந்திரங்களின் செலவு. அதைச் சரக்கிருப்பின் மதிப்பில் சேர்க்காமல் அந்தக் காலத்தின் செலவாகவே எழுத வேண்டும்.

அவள் குறிப்பேட்டில் 2,40,000ஐ இரண்டு முறை வட்டமிட்டாள்.